நாமா, நாங்களா? ஜப்பான் ஆய்வகத்துக்கு ஒரு கடிதம்

உப்புக்காற்று | 3 ஜூன் 2024, இரவு 10.40

என் ஆய்வுக் கைடு தமிழில் எழுதிக் கொடுத்த கடிதத்தை இங்கிலீஷில் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஜப்பானில் ஓர் ஆய்வகத்துக்குப் போக வேண்டியது. சேர்ந்து ஆய்வு செய்யலாமா என்று கேட்கும் கடிதம்தான். கையெழுத்தில் நான்கு பக்கம். நான் இரண்டு பக்கமாக இறக்கிவிட்டேன், அதற்கே ஒரு வாரம் ஆயிற்று.

தொடக்கம் இப்படி: "பெருமதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு, வணக்கம். தங்கள் பொன்னான நேரத்தில் சில மணித்துளிகளை எங்களுக்காக ஒதுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். பல்கலைக்கழகத்தின் நீண்ட மரபில் எங்கள் துறை..." என்று போய், துறையின் வரலாறு ஒன்றரைப் பக்கம். முடிவில் "ஆவன செய்யுமாறு வேண்டுகிறோம்".

இதை 'கோல்டன் டைம்' என்று போட்டால் சிரிப்பார்களா? 'ஆவன செய்யுமாறு'வை 'டூ தி நீட்ஃபுல்' என்று போட்டிருக்கிறேன். கைடு பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். எனக்குத்தான் உறுத்துகிறது.

ராமு_பாலிமர் | 3 ஜூன், இரவு 11.15

இங்கிலீஷே தப்பு. அவர்களுக்கு இங்கிலீஷ் வராது. ஜப்பானியம் படித்த யாரையாவது பிடித்து ஜப்பானிய மொழியில் அனுப்பு. திறந்து பார்த்ததுமே குளிர்ந்துபோவார்கள்.

மீனாள் | 4 ஜூன், காலை 6.20

ராமு சொல்வது பாதி சரி. பேசுவதற்குக் கூச்சப்படுவார்கள், ஆனால் படிப்பார்கள். நான் ஆறு வருடம் அங்கே ஓர் ஆய்வகத்தில் இருந்தேன். கட்டுரை எழுதுவது, படிப்பது எல்லாம் இங்கிலீஷில்தான். ஜப்பானிய மொழியில் நீங்கள் அனுப்பினால் பதிலும் அதிலேயே வரும், அப்புறம் என்ன செய்வீர்கள்?

இங்கே இன்னொன்றும் இருக்கிறது. கடிதம் பேராசிரியர் பெயருக்குப் போகும். அவர் அதை அப்படியே ஜோக்யோவுக்கு, அதாவது அங்கேயுள்ள உதவிப் பேராசிரியருக்குத் தள்ளிவிடுவார். முப்பது சொச்சம் வயதில் வேலை முழுவதையும் தலையில் சுமக்கும் ஆள். ரயிலில் நின்றுகொண்டே போனில் படிப்பார். உங்கள் உண்மையான வாசகர் அவர். சின்ன வாக்கியம், ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்தி. 'கோல்டன் டைம்' ஜப்பானில் டிவியில் கூட்டம் அதிகம் பார்க்கும் மாலை நேரத்தைக் குறிக்கும் சொல். 'பிரைம் டைமில் எங்களுக்கு இடம் கொடுங்கள்' என்று படிப்பார், பாவம்.

சரி, அதெல்லாம் மேல்பூச்சு. நீங்கள் கண்டுபிடித்தது என்ன? அதை இன்னும் சொல்லவே இல்லையே.

கிருத்திகா_எம்எஸ்சி | 4 ஜூன், காலை 9.05

நானும் ஜப்பானுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகைக்கு. நாற்பது பேராசிரியர்களுக்கு ஒரே கடிதம், பெயரை மட்டும் மாற்றி. ஒரே ஒரு பதில் வந்தது. அதுவும் அந்தப் பேராசிரியர் ஓய்வுபெற்றுவிட்டார் என்று. உங்கள் கடிதத்தின் மாதிரி கிடைக்குமா?

உப்புக்காற்று | 4 ஜூன், மதியம் 1.30

கிருத்திகா, இது உதவித்தொகைக் கடிதம் இல்லை. இரண்டு ஆய்வகங்கள் சேர்ந்து வேலை செய்வதற்கு. (நாற்பது பேருக்கு ஒரே கடிதமா!)

மீனாள் அக்கா, நான்காம் பத்தியில் இருக்கிறது. மொழிபெயர்க்காமல் அப்படியே தருகிறேன்:

"தூத்துக்குடி உப்பளப் பாத்திகளில் கடைசிக் கட்ட உப்புநீரிலிருந்து எடுத்த ஒரு செந்நிற ஆர்க்கியாவில், ஒளி பட்டதும் வெளிநீரின் பி.எச். குறைகிறது. சி.சி.சி.பி. சேர்த்தபின் ஒளி பாய்ச்சினால் குறைவது நின்றுபோவதோடு, சிறிதளவு ஏறவும் செய்கிறது."

அதாவது ஆர்க்கியா என்ற அந்த நுண்ணுயிரின் செல்களை 4 மோலார் உப்புநீரில், தாங்கல் கரைசல் எதுவும் இல்லாமல், கலக்கி வைத்து ஆரஞ்சு ஒளி மூன்று நிமிடம். 6.50இலிருந்து 6.38க்கு இறங்குகிறது. விளக்கை அணைத்தால் திரும்பி வருகிறது. சி.சி.சி.பி. என்ற வேதிப்பொருளைப் போட்டபின் இறக்கம் போய் 0.04 ஏற்றம். நான்கு முறை செய்தேன். நான்கிலும் ஏற்றம்தான்.

மீனாள் | 4 ஜூன், மதியம் 2.10

தம்பி! இதை வைத்துக்கொண்டா 'கோல்டன் டைம்' பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்?

இதுதான் முதல் வரி. வணக்கத்துக்கு அடுத்த வரி. புரோட்டானை வெளியே தள்ளும் பம்பு மட்டும் இருந்தால், சி.சி.சி.பி. சவ்வில் ஓட்டை போட்டதுபோல் ஆகி, பி.எச். மாற்றம் அப்படியே படுத்துவிடும். ஏறக் கூடாது. ஏறுகிறது என்றால் ஒளியில் வேறு ஏதோ ஓர் அயனியும் நகர்கிறது. அது உள்ளே மின்னழுத்தத்தைக் கீழே இழுக்க, புரோட்டான் தானாக உள்ளே போகிறது. 1977இல் முகோஹாட்டா குழு ஜப்பானில் பார்த்தது இந்த வகை ஏற்றத்தைத்தான். முதலில் சோடியத்தை வெளியே தள்ளும் பம்பு என்று நினைத்தார்கள். 1982இல்தான் அது குளோரைடை உள்ளே இழுப்பது என்று தெளிவானது. அந்தப் பாரம்பரியத்தில் வந்த ஆய்வகத்துக்கு நீங்கள் எழுதுகிறீர்கள். ஒன்றரைப் பக்கத் துறை வரலாற்றுக்குப் பின்னால் இதை ஒளித்து வைத்தால், ரயில் அடுத்த நிலையத்துக்கு வந்துவிடும். ஜோக்யோ இறங்கிப் போய்விடுவார்.

ஆனால் ஒரு கேள்வி. விளக்கின் சூட்டால் பி.எச். நகர்ந்ததா என்று பார்த்தீர்களா? வெளுத்த செல்லோ, கொன்ற செல்லோ வைத்து அதே ஒளி கொடுத்தீர்களா? 0.04 சின்ன எண். அதை அனுப்பினால் அங்கிருந்து வரும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

உப்புக்காற்று | 4 ஜூன், இரவு 9.50

விளக்குக்கும் பாத்திரத்துக்கும் நடுவே தண்ணீர்த் தொட்டி வைத்திருந்தேன், சூட்டைத் தடுக்க. கொன்ற செல் வைத்துப் பார்க்கவில்லை. நாளைக்கே செய்கிறேன்.

வரலாற்றை முன்னால் வைத்ததற்குக் கைடு சொல்லும் காரணம் இது: "வீட்டுக்கு வந்தவன் உட்கார்ந்ததும் கைமாற்றுக் கேட்பானா? நலம் விசாரித்து, ஊரைச் சொல்லி, யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தபின்தான் கேட்பான்." எனக்கு இது தப்பாகப் படவில்லை. முப்பது வருடமாக ஊரில் கடிதம் எழுதிய மனிதர்.

பிறகு யோசித்தால், இங்கே நாம் பணம் கேட்கவில்லையே. காட்டுவதற்கு ஒன்று கொண்டுபோகிறோம். பலாப்பழத்தோடு வருகிறவன் அதை வெளியே வண்டியில் வைத்துவிட்டு நலம் விசாரிப்பானா?

தட்டச்சு வேலு | 5 ஜூன், காலை 5.45

நான் அறிவியல்காரன் இல்லை. அரசு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் கடிதம் தட்டச்சு செய்து, மொழிபெயர்த்து ஓய்வுபெற்றவன். தம்பி மேலே எழுதியதை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். "நாம் பணம் கேட்கவில்லையே" என்று எழுதியிருக்கிறார். யார் நாம்? அவரும் கைடுமா, இதைப் படிக்கும் நாமுமா?

கடிதத்தில் இதுதான் கத்தி. தமிழில் நாம் வேறு, நாங்கள் வேறு. கேட்பவரையும் சேர்த்தால் நாம், விட்டுவிட்டால் நாங்கள். இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே 'வீ'. கூட்டாய்வுக் கடிதம் என்றாலே பாதி வாக்கியங்களில் இந்தச் சொல் வரும். எது நாம், எது நாங்கள் என்று மொழிபெயர்ப்பில் காணாமல் போனால், யார் என்ன செய்வார்கள் என்பதும் காணாமல் போகும்.

கைடின் கையெழுத்துப் பிரதியை எடுத்து, ஒவ்வொரு நாமையும் நாங்களையும் வேறு வேறு நிறத்தில் கோடிட்டுப் பாருங்கள். அப்புறம் உங்கள் இங்கிலீஷில் அவை எப்படி வந்திருக்கின்றன என்று பாருங்கள்.

ராமு_பாலிமர் | 5 ஜூன், காலை 8.30

ஒரு சொல்லுக்கு இவ்வளவா? சூழலில் புரிந்துகொள்வார்கள் ஐயா.

உப்புக்காற்று | 6 ஜூன், இரவு 11.20

புரிந்துகொள்ள மாட்டார்கள், ராமு அண்ணா. கோடு போட்டுப் பார்த்தேன். என் இங்கிலீஷில் 'வீ' 23 இடத்தில் வருகிறது. தமிழில் அதில் 16 நாங்கள், 7 நாம். அந்த ஏழில் மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது: "நாம் இருவரும் இணைந்து நிதிக்கு விண்ணப்பிக்கலாம்." நான் போட்டது: 'வீ கேன் அப்ளை ஃபார் ஃபண்டிங்'. இதைப் படிப்பவர், சரி, இந்தியாக்காரர்களே விண்ணப்பித்துக்கொள்கிறார்கள், நமக்கு வேலையில்லை என்று நினைப்பார்.

இரண்டாவது: "பயணச் செலவை நாம் பகிர்ந்துகொள்வோம்." நான் 'வீ வில் பேர் தி டிராவல் காஸ்ட்' என்று எழுதித் தொலைத்திருக்கிறேன். பகிர்வது எங்கே, நாங்களே முழுவதும் கொடுக்கிறோம் என்பது எங்கே! துறையில் விமான டிக்கெட்டுக்கு ஒரு பைசா இல்லை. இது போயிருந்தால் என்னைத்தான் விற்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது வேறு விதம். "இந்த நிறமியை நாம் இன்னும் சரியாக அறியவில்லை." கைடு சொல்ல வந்தது, இந்தத் துறையே, உலகமே, இன்னும் அறியவில்லை என்று. இங்கிலீஷில் எங்களுக்கு மட்டும் தெரியவில்லை, பாடம் எடுங்கள் என்பதுபோல் வருகிறது.

இப்போது ஒவ்வொரு இடத்திலும் 'அவர் லேப்', 'யுவர் லேப்', 'போத் லேப்ஸ்' என்று பெயர் சொல்லியே எழுதினேன். அழகு குறைந்துவிட்டது. ஆனால் யார் எதைச் செய்வார்கள் என்று குழப்பமே இல்லை. 'வீ' இப்போது நான்கு இடத்தில் மட்டும்.

கொன்ற செல் சோதனையும் முடிந்தது. மாற்றம் 0.01க்குள். நிம்மதி.

தட்டச்சு வேலு | 7 ஜூன், காலை 5.50

'டூ தி நீட்ஃபுல்'ஐயும் எடுத்துவிடுங்கள். அது வெள்ளைக்காரன் ஆபீசில் விட்டுப்போன மேசை மாதிரி, நாம்தான் இன்னும் துடைத்து வைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த இடத்தில் என்ன வேண்டும் என்று ஒரே வரியில் கேளுங்கள். 'ஆவன' என்பதைத் தமிழிலேயே நான் எழுதும்போது, என்ன ஆவது என்று மேலதிகாரிக்கே தெரியாது.

ராமு_பாலிமர் | 7 ஜூன், காலை 10.00

நல்ல யோசனை ஒன்று. கடிதத்தோடு கல்ச்சரையும் அனுப்பிவிடு. உப்புப் படிகத்துக்குள் இந்த ஆர்க்கியா உயிரோடு கிடக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஒரு டப்பாவில் நாலு கல் உப்பு, மேலே 'சாம்பிள்' என்று எழுதிக் கூரியரில் போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? நாங்கள் பாலிமர் ஃபிலிமை எப்போதும் அப்படித்தான் அனுப்புகிறோம்.

மீனாள் | 7 ஜூன், காலை 10.25

வேண்டாம். வேண்டவே வேண்டாம். பாலிமர் ஃபிலிம் உயிரினம் இல்லை, ராமு.

தூத்துக்குடியில் எடுத்த ஆர்க்கியா நம் நாட்டு உயிரியல் வளம். 2002ஆம் ஆண்டு உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி, வெளிநாட்டு ஆள் அதை ஆய்வுக்குப் பெறுவதற்குத் தேசிய உயிரியல் பல்வகைமை ஆணையத்தின் அனுமதி வேண்டும். அந்த ஆணையம் தரமணியில்தான் இருக்கிறது. அதே சட்டத்தின் 5ஆம் பிரிவு ஒரு வழி கொடுக்கிறது. மத்திய அரசு ஒப்புதல் பெற்ற, அதன் வழிகாட்டு நெறிக்கு உட்பட்ட கூட்டாய்வுத் திட்டம் என்றால் இந்தத் தனி அனுமதி வேண்டியதில்லை. ஆக, முதலில் திட்டம், அப்புறம்தான் கல்ச்சர். வரிசை மாறக் கூடாது.

அங்கேயும் இதே கதைதான். உயிரியல் வளங்களைப் பெறுவது, பகிர்வது பற்றிய நகோயா நெறிமுறையில் ஜப்பான் 2017இல் சேர்ந்துவிட்டது. அங்குள்ள பல்கலைக்கழகங்களில் இதைப் பார்க்கவே ஆள் இருக்கிறார்கள். அனுமதித்தாள் இல்லாத குழாய் ஒன்று தபாலில் வந்தால், ஜோக்யோ அதைத் திறக்கக்கூட மாட்டார். கடிதத்தில் "கல்ச்சரை உடனே அனுப்புகிறோம்" என்ற வாக்கியம் இருந்தால், உங்களுக்கு விதி தெரியாது என்று அவர் முடிவு கட்டிவிடுவார்.

உப்புக்காற்று | 7 ஜூன், மாலை 6.40

இருக்கிறது அக்கா, அந்த வாக்கியம் இருக்கிறது. ஆறாம் பத்தி. "தாங்கள் விரும்பினால் 12 வகைகளையும் மறுவாரமே அனுப்பி வைப்போம்."

கைடிடம் சொன்னேன். கோபம் வந்துவிட்டது. "என் கல்ச்சர், என் உப்பளம், நான் கொடுப்பதற்கு யாரிடம் கேட்க வேண்டும்?" ஒரு மணி நேரம் கழித்து, அடித்துவிடு என்றார். இப்போது அந்த இடத்தில் இருப்பது: கல்ச்சர் பரிமாற்றம் இந்தியச் சட்டப்படி அனுமதி கிடைத்த பிறகே நடக்கும், அதற்கான வேலையை எங்கள் ஆய்வகம் பார்த்துக்கொள்ளும்.

ஒரு சந்தேகம். மரபணு வரிசையை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பினால்? அங்கே அதைச் செயற்கையாகச் செய்து ஈ.கோலை பாக்டீரியாவில் போட்டு வேலையை ஆரம்பித்துவிடலாமே.

ராமு_பாலிமர் | 7 ஜூன், மாலை 7.05

அது வெறும் எழுத்துக் கோவை. எழுத்துக்கு என்ன சட்டம்? தாராளமாக அனுப்பு.

மீனாள் | 7 ஜூன், இரவு 8.30

இது அவ்வளவு எளிதில்லை. வரிசையும் வளமா, வெறும் தகவலா என்று நாடுகளே இன்னும் வாதாடிக்கொண்டிருக்கின்றன. நம் சட்டத்தில் ஆய்வு முடிவுகளை வெளிநாட்டுக்குக் கொடுப்பதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. கட்டுரையாக வெளியிடுவதற்கு அது தடையில்லை. நீங்கள் அனுப்பப்போவது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதல் கடிதத்தில் வரிசையை இணைக்க மாட்டேன். பி.எச். வரைபடம் ஒன்றே போதும்.

உப்புக்காற்று | 9 ஜூன், காலை 7.15

இந்த விஷயத்தில் என் மனம் இன்னும் இரண்டாகத்தான் இருக்கிறது. கட்டுரை வந்துவிட்டால் வரிசை உலகத்துக்கே திறந்துகிடக்கும். இப்போது ஒருவருக்கு மட்டும் காட்டத் தயங்குகிறோம். ஆனாலும் இணைக்கவில்லை.

கிருத்திகா_எம்எஸ்சி | 9 ஜூன், காலை 11.00

பணம் யார் தருவார்கள் என்று கடிதத்தில் எழுதலாமா? அசிங்கமாக இருக்காதா?

மீனாள் | 9 ஜூன், மதியம் 12.45

நல்ல கேள்வி, கிருத்திகா. எழுதாமல் இருப்பதுதான் அவர்களுக்குச் சங்கடம். பதில் போட்டால் பணமும் கேட்பார்களோ என்ற பயத்திலேயே பல கடிதங்கள் அங்கே மூடப்படுகின்றன.

இந்தியாவின் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் ஜப்பானின் ஆய்வு நிதி அமைப்பான ஜே.எஸ்.பி.எஸ்.ஸும் சேர்ந்து நடத்தும் திட்டம் ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் போக்குவரத்துக்கும் தங்குவதற்கும்தான், கருவி வாங்க இல்லை. அதில் இந்தியப் பக்கம் டெல்லிக்கும் ஜப்பான் பக்கம் டோக்கியோவுக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் போட்டால் செல்லாது. அதனால்தான் வேலு ஐயா சொன்ன நாம், நாங்கள் விவகாரம் இந்த இடத்தில் உயிர் போகும் விஷயம்.

சகுரா அறிவியல் திட்டம் வேறு. மாணவர்களைக் குறுகிய காலத்துக்கு ஜப்பானுக்கு அழைத்துப் போவது. அதற்கு விண்ணப்பிக்க வேண்டியது ஜப்பானிய நிறுவனம்தான், நாம் இல்லை. இங்கிருந்து "எங்களுக்குச் சகுராவில் இடம் கொடுங்கள்" என்று எழுதினால், "எங்களுக்காக நீங்கள் படிவம் நிரப்புங்கள்" என்று சொல்வதாகத்தான் அர்த்தம். முதல் கடிதத்தில் அதைக் கேட்காதீர்கள்.

உப்புக்காற்று | 10 ஜூன், இரவு 10.10

(எழுதிவிட்டுத் திருத்துகிறேன்: நேற்று இரவு நானே சகுராவைக் கேட்டு ஒரு வரி சேர்த்திருந்தேன். எடுத்துவிட்டேன்.)

கையெழுத்தில் ஒரு தகராறு. கைடுக்கு இனிஷியல் ஒன்று, பெயர் ஒன்று. கடவுச்சீட்டில் அப்பா பெயர் குடும்பப்பெயர் இடத்தில் இருக்கிறது. நான் மரியாதைக்காகக் கடவுச்சீட்டில் உள்ளபடி முழுதாகப் போட்டேன். "அவன் என்னை என் அப்பா பெயரால் கூப்பிடுவானே" என்றார். உண்மைதான். அக்கா?

மீனாள் | 10 ஜூன், இரவு 10.40

கூப்பிடத்தான் செய்வார்கள். எனக்கு அங்கே ஆறு வருடமும் என் அப்பா பெயரோடு 'சான்' என்ற மரியாதை ஒட்டு. வீட்டுக்கு வந்த தபாலை அப்பாவிடம் போட்டோ எடுத்துக் காட்டினால் ஒரே பெருமை. கையெழுத்தில் வழக்கமான பெயரைப் போட்டு, அதற்குக் கீழே கடவுச்சீட்டில் உள்ள பெயரை ஒரு வரியாகக் கொடுங்கள். அழைப்புக் கடிதத்துக்கும் விசாவுக்கும் அது வேண்டியிருக்கும்.

உப்புக்காற்று | 14 ஜூன், மாலை 5.20

அனுப்பியாயிற்று. ஒரு பக்கத்துக்கும் குறைவு. தமிழில் திருப்பிச் சொன்னால் இப்படி இருக்கிறது.

வணக்கத்துக்கு அடுத்து பி.எச். இறக்கம், சி.சி.சி.பி.க்குப் பின் ஏற்றம், கொன்ற செல் சோதனை. மூன்று வாக்கியம், ஒரு வரைபடம். அடுத்து ஏன் உங்களுக்கு எழுதுகிறோம்: நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் நடக்கும் நிறமாற்றத்தை உங்கள் ஆய்வகம் அளக்கிறது, எங்களால் முடியாது. "கருவியைப் பயன்படுத்த அனுமதிக்குமாறு" என்றிருந்ததை எடுத்துவிட்டேன். அது வாடகைக்குக் கேட்பதுபோல் இருந்தது. அதற்குப் பதில்: எங்கள் ஆய்வகம் செல்களை வளர்த்து, சுத்தம் செய்து, பி.எச். அளவீடுகளைச் செய்யும், அந்த நிறமாற்றச் சுழற்சியை, அதாவது ஃபோட்டோசைக்கிளை, அளப்பதில் உங்கள் ஆய்வகத்தின் பங்கு எங்களுக்கு வேண்டும்.

அப்புறம் சட்டம், ஒரு வரி. நிதி, இரண்டு வரி. துறையின் வரலாறு அடிக்குறிப்பில் ஒரு வாக்கியமாக. கடைசி வரி: 'இதைப் பற்றி அரை மணி நேரம் இணையவழி பேச உங்களால் முடியுமா?'

கைடு படித்துவிட்டு, "தந்தி மாதிரி இருக்கிறது" என்றார். கையெழுத்துப் போட்டார்.

உப்புக்காற்று | 29 ஜூன், காலை 8.00

பதில் இல்லை.

உப்புக்காற்று | 5 ஜூலை, காலை 8.00

பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பலாமா?

கிருத்திகா_எம்எஸ்சி | 5 ஜூலை, மதியம் 3.15

என்னுடைய நாற்பதில் இன்னொன்றுக்குப் பதில் வந்தது! இந்த இழையைப் படித்த பிறகு ஒருவருக்கு மட்டும், அவர் கட்டுரையின் மூன்றாம் படத்தைப் பற்றி ஒரு கேள்வியோடு திருப்பி எழுதினேன். இடமில்லை என்கிறார், ஆனால் கேள்விக்கு ஒரு பக்கம் பதில்.

உப்புக்காற்று | 11 ஜூலை, காலை 11.35

வந்தது! ஜோக்யோதான் எழுதியிருக்கிறார், பேராசிரியர் நகலில். தமிழில் சொன்னால்: "ஆர்வமூட்டும் முடிவைப் பகிர்ந்ததற்கு நன்றி. எங்கள் ஆய்வகத்தில் இதைப் பரிசீலிப்போம். சோடியம் குளோரைடுக்குப் பதிலாகச் சோடியம் சல்ஃபேட்டில் செல்களை வைத்து அளந்தீர்களா?"

ராமு_பாலிமர் | 11 ஜூலை, மதியம் 12.00

போச்சு. ஜப்பானில் 'பரிசீலிப்போம்' என்றால் முடியாது என்று அர்த்தம். எல்லோரும் சொல்வார்கள்.

மீனாள் | 11 ஜூலை, மதியம் 12.30

அந்த வரியோடு நிறுத்தியிருந்தால் ராமு சொல்வதுதான் சரி. பின்னால் கேள்வி இருக்கிறதே! முடியாது என்று முடிவு செய்தவர் உங்களுக்கு வேலை கொடுக்க மாட்டார். கேள்வியும் சரியான கேள்வி. குளோரைடை எடுத்துவிட்டால் அந்த ஏற்றம் போகிறதா என்று கேட்கிறார். போனால் குளோரைடு பம்பு. போகாவிட்டால் சோடியம் பக்கம் பார்க்க வேண்டும். 1977க்கும் 1982க்கும் நடுவே நடந்த அதே விவாதம், உங்கள் பாத்திரத்தில்.

செல்களைக் கழுவும்போது பொறுமையாகச் செய்யுங்கள். குளோரைடு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தாலும் ஏமாற்றிவிடும். உப்பு குறைந்தால் செல்லே உடைந்து சிவப்புக் கஞ்சியாகிவிடும்.

தட்டச்சு வேலு | 11 ஜூலை, மாலை 4.10

எனக்கு அறிவியல் தெரியாது என்று சொன்னேன். ஆனால் கேள்வியோடு வந்த கோப்பு மூடிய கோப்பு இல்லை என்பது தெரியும்.

உப்புக்காற்று | 24 ஜூலை, இரவு 11.55

முதல் இரண்டு முறை சிவப்புக் கஞ்சிதான். மூன்றாம் முறை மூன்று தடவை கழுவி, செல் முழுதாக இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு அளந்தேன். சல்ஃபேட்டில் இறக்கம் இருக்கிறது. சி.சி.சி.பி. போட்டபின் ஏற்றம் 0.04இலிருந்து 0.01க்கு வந்துவிட்டது. கொன்ற செல்லுக்கும் அதே 0.01தான். மறுபடி குளோரைடு சேர்த்ததும் 0.03. இன்னும் இரண்டு முறை செய்ய வேண்டும்.

பதில் கடிதத்தைக் கைடு தமிழில் எழுதிக் கொடுத்தார். ஐந்து வரி. முதல் வரியே எண். நான் ஒன்றும் சொல்லவில்லை.

உப்புக்காற்று | 2 ஆகஸ்ட், காலை 10.20

பேச ஒத்துக்கொண்டார்கள். ஆகஸ்ட் நடுவில் ஓபோன் விடுமுறை, அதனால் 21ஆம் தேதி. நமக்குக் காலை 10, அவர்களுக்கு மதியம் 1.30.

மின்னஞ்சலின் கடைசி வரியை அப்படியே தருகிறேன், வேலு ஐயாவுக்காக: 'வீ ஷுட் மெஷர் தி ஃபோட்டோசைக்கிள் ஃபர்ஸ்ட்.'

தட்டச்சு வேலு | 2 ஆகஸ்ட், காலை 10.50

எந்த வீ?

உப்புக்காற்று | 2 ஆகஸ்ட், காலை 10.55

அதைத்தான் கைடும் கேட்கிறார். 21ஆம் தேதி முதல் கேள்வியாகக் குறித்து வைத்திருக்கிறேன்.